தண்ணிக்குள்ள கன நேரம் இருக்கிற கடற்சிங்கம் வலைக்குள்ள ஏன் சாகுது?

முல்லைக்கரை
எல்லாருக்கும் வணக்கம். என்ர மூத்தவன் பத்தாம் ஆண்டு, போனில ஒரு வீடியோ பாத்துப்போட்டு ரெண்டு நாளா என்னைப் போட்டு உலுப்புறான். சீல் எண்டுற மிருகம் ஒரு மூச்சில ஒரு மணித்தியாலத்துக்கு மேல தண்ணிக்குள்ள கிடக்குமாம், அதே வீடியோவில கொஞ்சம் தள்ளி கடற்சிங்கம் வலையில மாட்டி மூச்சுமுட்டிச் செத்துக் கிடக்கு. "அப்பா நீங்கள் வலை போடுற ஆள்தானே, இது எப்பிடி நடக்கும்" எண்டு கேக்கிறான். நான் ஆமை மாட்டிச் செத்ததைக் கண்டிருக்கிறன், ஓங்கில் மாட்டினதையும் கண்டிருக்கிறன், ஆனா உந்தச் சாமான் எங்கட முல்லைத்தீவுக் கடலில இல்லையே, நான் என்னத்தைச் சொல்லுறது. ஆராவது தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்துங்கோ, அவனுக்கு வாசிச்சுக் காட்டவேணும், கொஞ்சம் எங்கட பாசையில சொன்னால் நல்லம்.

வவுனிக்குளம்_சிவா
சிம்பிள் அண்ணை. அதுகளுக்குப் பெரிய நுரையீரல், மேல வந்து காத்தை முட்ட இழுத்து நிரப்பிக்கொண்டுதான் கீழ போறது. வலையில மாட்டினால் பயத்தில வாயைத் திறந்திடும், காத்து வெளிய போயிடும், கதை முடிஞ்சுது. குளிருக்கு உடம்பு முழுக்கக் கொழுப்பு, நாலு விரல் மொத்தத்துக்கு இருக்கும், அதால குளிரே தெரியாது. இவ்வளவுதான் விசயம்.

கிளிநொச்சி_மாமி
ஐயோ தம்பி இது மன்னார்ப் பக்கம் வழமையா நடக்கிறதுதானே, கடற்பசு வலையில மாட்டி எத்தினை செத்திருக்குது, முந்தி அந்த இறைச்சியைக் களவா வித்தவையெல்லே. இப்ப பிடிச்சால் பெரிய வழக்கு. அது புல்லுத் தின்னிற வாயில்லாப் பிராணி, பாவம். பிள்ளைக்கு அதைச் சொல்லுங்கோ.

முல்லைக்கரை
மாமி, இது கடற்பசு இல்லை, குளிர்க் கடலில இருக்கிறது, மீசை வைச்சுக்கொண்டு பாறையில ஏறிப் படுத்திருக்குமே, அது. புல்லுத் தின்னாது, மீனும் கணவாயும் தான் தின்னுமாம்.

கிளிநொச்சி_மாமி
ஓ அதோ. சர்க்கஸில பந்து வைச்சு விளையாடுறது. சரி சரி, கதையுங்கோ, நான் வாசிக்கிறன்.

நீரியல்_தங்கச்சி
முல்லைக்கரை அண்ணா, நான் கடல் உயிரினங்கள் பற்றித்தான் படிக்கிறன், தெரிஞ்சதைச் சொல்லுறன். சிவா அண்ணா சொன்னதில பாதி சரி. கடற்சிங்கம் உண்மையிலேயே காத்தை இழுத்துக்கொண்டுதான் கீழ போகும். ஆனா சீல் அப்பிடியில்லை, அது போகமுதல் மூச்சை வெளிய விட்டிட்டுத்தான் போகும். நுரையீரலில காத்தை நிரப்பிக்கொண்டு நூற்றுக்கணக்கான மீற்றர் கீழ போனால் அந்த அமுக்கத்தில நைதரசன் ரத்தத்தில கரையும், மேல வரேக்க அது குமிழியாகி உடம்பைக் கெடுக்கும், சங்கு குளிக்கிற ஆக்களுக்கு வாத மாதிரி இழுக்கிற வருத்தம் வருமே, அதே சாமான்தான். அதால சீல் காத்தை நம்புறேல்ல, நுரையீரல் சுருங்கி மடிஞ்சு போயிடும்.

பிறகு ஒட்சிசனை எங்க வைச்சிருக்கு? ரத்தத்திலயும் சதையிலயும். எங்களைவிட உடம்பு நிறைக்கு ரத்தம் கனக்க, ரத்தத்துக்குள்ள சிவப்பணுவும் கனக்க, மண்ணீரலுக்குள்ளயும் சிவப்பணுவைச் சேத்து வைச்சு கீழ போற நேரம் வெளிய விடும். சதையில மயோகுளோபின் எண்டு ஒரு புரதம், அதுதான் ஒட்சிசனைப் பிடிச்சு வைக்கிறது, தரையில இருக்கிற மிருகங்களைவிட பத்து மடங்கு அளவுக்கு இருக்கும். நீங்கள் சூரை மீன் வெட்டேக்க உள்ளுக்கை கருஞ்சிவப்பா ஒரு சதை வருமெல்லே, அந்த நிறத்துக்குக் காரணம் இதே புரதம்தான். சீலின்ர இறைச்சி முழுக்க அப்பிடித்தான், கிட்டத்தட்டக் கறுப்பு.

மற்றது இதயம். மேல இருக்கேக்க நிமிசத்துக்கு 100 தடவைக்கு மேல அடிக்கிறது ஆழத்துக்குப் போனால் 10-க்குக் கிட்ட இறங்கும், கலிபோர்ணியாக் கடற்சிங்கத்தில அதுக்கும் குறைய அளந்திருக்கினம். கை கால் குடல் ஈரல் எல்லாத்துக்கும் போற ரத்தத்தைக் குறைச்சுப்போட்டு மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் விடும். சதை தன்ர கையிருப்பில ஓடும்.

வவுனிக்குளம்_சிவா
தங்கச்சி நானும் அதைத்தானே சொன்னன், கடற்சிங்கம் காத்தை இழுக்குது எண்டு. 😊 ஆனா அப்ப மணிக்கணக்கில கிடக்கலாம் எண்டால் வலையில ஏன் சாகுது, அதுக்கு நீங்களும் பதில் சொல்லேல்ல.

நீரியல்_தங்கச்சி
மணிக்கணக்கு எண்டுறது எல்லாருக்கும் பொருந்தாது அண்ணா. வீடியோவில சொன்ன ஒரு மணித்தியாலக் கதை யானைச்சீலுக்கும் அந்தாட்டிக்காவில இருக்கிற வெடல் சீலுக்கும் தான். அதிலயும் அது அடிக்கடி செய்யிற வேலையில்லை. 1980-ம் ஆண்டு ஜெரால்ட் கூய்மன் எண்டவரின்ர ஆக்கள் வெடல் சீலில ஒரு வேலை செய்தவை: பனிக்கட்டியில வேற வெடிப்பு ஒண்டும் கிட்ட இல்லாத இடத்தில ஓட்டை வெட்டி சீலை அதுக்குள்ள விட்டது. வேற வழியில்லை, மூச்செடுக்க அந்த ஓட்டைக்குத்தான் திரும்பி வரவேணும், வந்தவுடன ரத்தம் எடுத்துப் பாக்கலாம். பாத்தால் 20 நிமிசம் மட்டுமான முழுக்கில ரத்தத்தில பெரிசா மாற்றம் இல்லை, அதைத் தாண்டினால் ஒட்சிசன் காணாமல் சதை ஓடேக்க வாற லக்டிக் அமிலம் ஏறத் தொடங்குது, 45 நிமிசம் கிடந்திட்டு வந்த சீலுக்கு அது இறங்கிச் சாதாரண நிலைக்கு வர 70 நிமிசம் மட்டில எடுத்திருக்கு. அதால வெடல் சீல் தன்ர பெரும்பாலான முழுக்கை அந்த 20 நிமிசத்துக்குள்ளயே முடிச்சிடும். கணக்குத் தப்பாமல் நடக்கிற ஆள்.

கடற்சிங்கத்துக்கு அந்தக் கணக்கு நிமிசத்தில ஒற்றை இலக்கம். வீடியோவில வலையில செத்ததும் அதுதானே.

கொக்கிளாய்_ராசன்
இந்த இழையை இண்டைக்குத்தான் கண்டனான். நான் கொக்கிளாய், இப்ப தெற்கு அவுஸ்திரேலியாவில. இஞ்ச கொஞ்சக் காலம் சுறாப் பிடிக்கிற போட்டில வேலை செய்தனான், அதால தங்கச்சி விட்ட இடத்தில இருந்து நான் சொல்லுறன்.

இஞ்ச இருக்கிறது அவுஸ்திரேலியக் கடற்சிங்கம், இந்த நாட்டைத் தவிர வேற எங்கயும் குட்டி போடாது. மொத்தமே பத்து பன்னிரண்டாயிரம் அளவுதான். இது கடலின்ர நடுத்தண்ணியில மீன் துரத்துற சாதியில்லை, நேர அடித்தரைக்குப் போய் கல்லு இடுக்கு, பாசி எல்லாம் கிளறிப் பேய்க்கணவாய், சிங்க இறால், சின்னச் சுறா, திருக்கை எண்டு தேடித் தின்னும். முடிஞ்சவுடன மேல வந்து கொஞ்சம் மூச்சு வாங்கிப்போட்டு திரும்பவும் நேர கீழ. கடலுக்குப் போனால் நேரத்தில பாதிக்கு மேல தண்ணிக்கு அடியிலதான்.

எங்கட வலை என்ன வலை? அடியில தங்கூசி. ஓம், எங்கட ஊரில தடை செய்த அதே தங்கூசிதான், இஞ்ச அந்தச் சுறாத் தொழிலுக்குச் சட்டப்படி விடுறவை. கண் ஆறு அங்குலம், ஆறரை அங்குலம். கீழ ஈயம், மேல மிதப்பு, நிலத்தில நிண்டால் ஆள் உயரம் மட்டில ஒரு மதில் மாதிரி நிக்கும், நீளம் நாலு கிலோமீற்றருக்கு மேல கூட விடலாம். கம்மி சுறா எண்டு ஒண்டு, அதுதான் இலக்கு. விட்டிட்டு மணிக்கணக்கா விடுவம், பிறகுதான் வாங்குறது.

இப்ப மகனுக்கு இப்பிடிச் சொல்லுங்கோ. 70 மீற்றர் ஆழம் எண்டு வையுங்கோ. கடற்சிங்கம் கீழ போய்ச்சேர முக்கால் நிமிசம் ஒரு நிமிசம் போகும். மேல வரவும் அவ்வளவு வேணும். இது சாதாரணமா மூண்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல தான் ஒரு முழுக்குக்கு எடுக்கும். அப்ப அடியில தேட மிஞ்சுறது ஒண்டரை நிமிசம் மட்டிலதான். அந்தக் கடைசி அரை நிமிசத்தில வலையில நிக்கிற சுறாவைக் கண்டு கடிக்கப் போய் தலை கண்ணுக்குள்ள பூருது எண்டால், பிறகு என்ன இருக்கு? ஆராய்ச்சிக்காரர் அளந்ததில ஆகக் கூடினது எட்டு நிமிசம் சொச்சம். வலை மேல வர மணித்தியாலக் கணக்கு. எட்டு நிமிசம் இல்லை எண்பது நிமிசம் தாங்கினாலும் எங்கட வலைக்குக் காணாது.

நீரியல்_தங்கச்சி
ராசன் அண்ணை சொன்ன மூண்டு நிமிசக் கணக்கில இன்னொரு விசயம் இருக்கு. டான் கொஸ்ராவும் நிக் கேல்சும் 2003-ல எழுதின ஆய்வில அந்தக் கடற்சிங்கத்தின்ர உடம்பில இருக்கிற ஒட்சிசனைக் கணக்குப் பாத்தவை, அது ரெண்டரை நிமிசத்துக்கும் கிட்டத்தான் காணும். ஆனா அது மூண்டுக்கு மேல கிடக்குது. அதாவது ஒவ்வொரு முழுக்கும் கையிருப்பு முடியிற எல்லையில, பெரும்பாலும் அதைத் தாண்டித்தான். வெடல் சீல் மாதிரி மிச்சம் வைச்சு நடக்கிற ஆளில்லை, அடித்தரையில சாப்பாடு தேடுறதால அதுக்கு வேற வழியில்லை. அதால வலையில தலை மாட்டுற நேரம் ஏற்கெனவே பெட்டி காலி.

பதறி அடிச்சால் இன்னும் கெதியா முடியும். அமைதியா நீந்தேக்க ஒரு சொட்டு ஒட்சிசனை எவ்வளவு தூரம் இழுக்கலாமோ அவ்வளவு இழுக்குது, அடிபடேக்க சதை தன்ர கையிருப்பை உடனயே எரிச்சுப்போடும். முந்தின காலத்தில ஷோலாண்டர் எண்டவர் சீலைப் பலகையில கட்டித் தண்ணிக்குள்ள அமுக்கிப் பாத்தவர், இதயம் அந்தக் கணமே படுத்திட்டுது. தன் விருப்பத்துக்குப் போற முழுக்கில அவ்வளவு பலமா நடக்கிறேல்ல. அப்ப மாட்டின மிருகத்தின்ர உடம்பும் தன்னால ஏலுமான எல்லாத்தையும் செய்யும், அதால கிடைக்கிறது சில நிமிசம் மட்டும்தான்.

முல்லைக்கரை
ராசன் அண்ணை தங்கச்சி ரெண்டு பேருக்கும் நன்றி, இப்ப விளங்குது. பெடியனுக்கு வாசிச்சுக் காட்டினன், "அப்ப ஏன் அதுகள் வலைக்குக் கிட்ட வருது, விலகிப் போகலாமே" எண்டு கேக்கிறான். கேள்விக்கு முடிவில்லை இவனுக்கு.

சம்மாட்டி_மகன்
நான் இதில ஒண்டு சொல்லவேணும். எங்களுக்கு ஓங்கிலால படுற பாடு தெரியுமோ? அறுக்குளா வலையில வயிறு மட்டும் கடிச்சு எடுத்திட்டு தலையை விட்டிட்டுப் போகுது, வலையும் கிழியுது, ஒரு துண்டு வலை என்ன விலை விக்குது இப்ப. அங்க வெள்ளைக்காரன் கடற்சிங்கத்துக்கு அழுறான், எங்களுக்கு ஆர் அழுறது. உதுக்கு ஒரு சத்தம் போடுற மிசின் இருக்காம், வலையில கட்டினால் கிட்ட வராதாம், ஆரும் பாவிச்ச ஆக்கள் இருக்கினமோ? விலை எவ்வளவு?

கொக்கிளாய்_ராசன்
தம்பி, ஓங்கிலுக்கு அது சில இடத்தில வேலை செய்யும். சீலுக்கும் கடற்சிங்கத்துக்கும் அதைக் கட்டாதேங்கோ எண்டுதான் இஞ்ச ஆக்கள் சொல்லுவினம். முதல் கொஞ்ச நாள் பயப்பிடும், பிறகு அந்தச் சத்தம் கேக்கிற இடத்தில மீன் நிக்குது எண்டு பழகிப்போடும், சாப்பாட்டு மணி அடிச்ச மாதிரித்தான். உங்கட ஓங்கிலும் கெட்டிக்காரச் சாமான், பழகாது எண்டு நான் சொல்லமாட்டன்.

பால்டிக் கடலில சுவீடன்காரர் நெத்தலிக்கும் சமனுக்கும் போட்ட வலையில சாம்பல் சீல் அதே வேலைதான், தலை மட்டும் வலையில தொங்கும். சத்தத்தை விட்டிட்டு அவை வலையையே மாத்தினவை, மீன் போய் நிக்கிற அறையை சீல் கடிக்கேலாத கெட்டி நூலில ரெண்டு அடுக்காச் செய்து, காத்தடிச்சு மேல தூக்கிற மிதவையோட. உந்த மாதிரி மாற்றத்துக்குக் காசு வேணும், அது உண்மை.

வவுனிக்குளம்_சிவா
நெத்தலி இல்லை அண்ணை அது ஹெரிங். 😄

கொக்கிளாய்_ராசன்
சரி ஹெரிங் எண்டு வையுங்கோ.

நீரியல்_தங்கச்சி
பெடியன்ர கேள்விக்கு: கிட்ட வாறதுக்குக் காரணம் குளிர்தான், அதுதான் சிவா அண்ணா பிழைவிட்ட மற்றப் பாதி. தண்ணி காத்தை விட 25 மடங்கு மட்டில கெதியா உடம்புச் சூட்டை இழுத்து எடுக்கும். உடம்பு 37 பாகை, ராசன் அண்ணை இருக்கிற பக்கம் மாரியில தண்ணி 15 பாகை மட்டில. சீலுக்கு மொத்தக் கொழுப்பு இருக்கு, அதில சரி. கடற்சிங்கத்துக்கு அவ்வளவு மொத்தம் இல்லை, மயிரும் கட்டை, நனைஞ்சு தோலோட ஒட்டிப்போடும். அதுகளின்ர சொந்தக்காரன் ஒண்டு இருக்கு, மயிர்ச்சீல். அதுக்கு மயிர் அப்பிடி நெருக்கம், வடக்கு மயிர்ச்சீலுக்கு ஒரு சதுர சென்றிமீற்றரில 40,000 மயிருக்கு மேல, அடி மயிருக்குள்ள காத்துப் பிடிபட்டு தோலுக்குத் தண்ணியே போகாது. எண்ணெய் கடலில கசிஞ்சால் அந்த மயிர்தான் முதல் கெடும், சீலை விட மயிர்ச்சீல் கெதியா சாகிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

செட்டையில கொழுப்பும் இல்லை மயிரும் இல்லை. அங்க போற சூடான ரத்தக் குழாயைச் சுத்தி திரும்பி வாற குளிர் ரத்தக் குழாய் ஓடும், போறவன் வாறவனுக்குச் சூட்டைக் குடுத்திட்டுத்தான் நுனிக்குப் போவான். அப்பிடியும் செலவு குறையாது. சூட்டைக் காப்பாத்தத் தீனி வேணும், பால் குடுக்கிற தாய் எண்டால் இன்னும் வேணும். அடியில ஒண்டரை நிமிசத்தில கல்லுக்குள்ள தேடுறதை விட, வலையில மாட்டித் துடிக்கிற சுறா லேசான தீனி. பிள்ளை கேட்ட "விலகிப் போகலாமே" எண்டதுக்கு இதுதான் பதில். மற்றது, இரவில அந்தத் தங்கூசி கண்ணுக்கே தெரியாதே.

கொக்கிளாய்_ராசன்
செட்டை விசயம் சரியான சரி. காலையில போட்டில இருந்து பாத்தால் ரெண்டு மூண்டு சேந்து பக்கமா மிதந்துகொண்டு செட்டையை வெளிய தூக்கி வைச்சுக் கிடக்கும், கிட்டப் போகும்வரை செத்துப்போச்சு எண்டுதான் நினைக்கிறது. வெயில் காயுது.

சம்மாட்டி_மகன்
அதெல்லாம் சரி அண்ணை. ஆனா எத்தினை செத்திச்சு? ஒண்டு ரெண்டுக்காகக் கடலை மூடினவையோ?

கொக்கிளாய்_ராசன்
ஒண்டு ரெண்டு எண்டுதான் தம்பி முதல் எல்லாரும் நினைச்சது, ஏனெண்டால் போட்டுக்காரர் தங்கட புத்தகத்தில எழுதினது அவ்வளவுதான். பிறகு பார்வையாளரைப் போட்டில ஏத்தி விட்டவை. அவை கண்டதை வைச்சு 2010-ல கணக்குப் போட்டால், இந்தச் சாதி குட்டி போடுற ஒரு சுற்றுக்கு, அது 17-18 மாசம், 370-க்கு மேல சாகுது எண்டு வந்துது. தெற்கு அவுஸ்திரேலியா மட்டும்.

புத்தகத்துக்கும் உண்மைக்கும் ஏன் அவ்வளவு தூரம் எண்டால், எல்லாரும் பொய்யர் எண்டு இல்லை. வலை வாங்கேக்க செத்த மிருகம் தண்ணியால வெளிய வாற அந்தக் கணத்தில பாரத்துக்குக் கண்ணில இருந்து கழண்டு விழுந்திடும். தளத்தில நிக்கிறவன் மீன் கழட்டிக்கொண்டிருப்பான், அவனுக்குத் தெரியாது. ஓரத்தில நிண்டு வலை ஏறுற உருளையை மட்டும் பாத்துக்கொண்டு நிக்கிற ஆளுக்குத்தான் தெரியும். நான் போனது கமரா பூட்டின பிறகு, கமரா ஒண்டு அந்த உருளைக்கு நேர பாத்தபடி. முந்தின காலத்தில வேலை செய்த ஒரு வயசான ஸ்கிப்பர் எனக்குச் சொன்னவர், "நாங்கள் அப்பக் காணேல்ல, பாக்காததால காணேல்ல" எண்டு.

பிறகு என்ன செய்தவை எண்டால் குட்டி போடுற தீவுகளைச் சுத்தி வலை விடேலாத வட்டம் போட்டு, வரவரப் பெருப்பிச்சு, மிச்ச இடத்தைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, ஒரு பகுதியில இத்தினை செத்தால் அந்தப் பகுதி 18 மாசத்துக்கு மூடு எண்டு வைச்சவை. எல்லாப் பகுதிக்கும் சேத்து ஆண்டுக்கு 52 எண்டு இருந்ததைப் பிறகு 15 ஆக்கினவை. வலைக்காரர் தூண்டில் வடத்துக்கு மாறலாம் எண்டும் விட்டவை. நான் கடைசியா வேலை செய்தது வடத்திலதான். கை பழுதாப் போற வேலை, ஆயிரக்கணக்கான தூண்டிலுக்கு இரை குத்தவேணும், ஆனா கடற்சிங்கம் மாட்டுறது அருமை.

சம்மாட்டி_மகன்
15-க்காக ஒரு ஊரின்ர பிழைப்பைக் கெடுத்தவை எண்டு சொல்லுங்கோ. எங்கட கடலில இழுவைப்படகு வந்து அடியையே வழிச்சுக்கொண்டு போகுது, அதை நிப்பாட்ட ஒருத்தருக்கும் ஏலாது, அங்க 15 மிருகத்துக்கு.

கொக்கிளாய்_ராசன்
கோவம் விளங்குது தம்பி. சிலருக்கு லைசன்ஸ் திருப்பிக் குடுக்கவேண்டி வந்தது, நான் இல்லை எண்டேல்ல. ஆனா அந்தப் 15 எங்க சாகுது எண்டதைப் பாக்கவேணும். பெண் கடற்சிங்கம் தான் பிறந்த தீவை விட்டு வேற தீவுக்குப் போய்க் குட்டி போடுறது அருமை. சில தீவில ஒரு சுற்றுக்கு 30 குட்டிகூட இல்லை. அப்ப அந்தத் தீவில பால் குடுக்கிற தாய் ஒண்டு ரெண்டு ஒவ்வொரு ஆண்டும் வலையில போனால், வேற இடத்தில இருந்து ஒருத்தியும் வந்து நிரப்பமாட்டாள். தாய் போனால் தீவில காத்துக்கொண்டிருக்கிற குட்டியும் பசியில போகும், வயித்தில இன்னொண்டு இருந்தால் அதுவும் போகும். ஒரு வலையில மூண்டு. இது வலைக்காரர் கணக்கில ஒண்டு எண்டுதான் விழும்.

நீரியல்_தங்கச்சி
அதுக்குப் பிறகு வலையில சாகிறது 90 வீதத்துக்கு மேல குறைஞ்சிட்டுது. ஆனா எண்ணிக்கை இன்னும் ஏறேல்ல, 2020-ல அந்த நாட்டுச் சட்டத்தில அழியிற ஆபத்தில உள்ளது எண்டு ஒரு படி மேல தூக்கித்தான் வைச்சிருக்கினம். வருத்தங்கள், கொக்கிப் புழுத் தொற்று குட்டிகளுக்கு, வேற காரணங்களும் இருக்கு. வலை மட்டும்தான் காரணம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல.

வவுனிக்குளம்_சிவா
அப்ப மூடினதில பிரயோசனம் இல்லை எண்டுதானே அர்த்தம்?

நீரியல்_தங்கச்சி
அப்பிடிச் சொல்லேலாது அண்ணா. 18 மாசத்துக்கு ஒரு குட்டி, அதுவும் பெண்குட்டி வளந்து தான் குட்டி போட கன வருசம். மூடினபடியா மேலும் விழாமல் நிண்டிருக்கலாம், அல்லது மூடினது போதாமலும் இருக்கலாம். ரெண்டும் சொல்லுற ஆக்கள் இருக்கினம்.

முல்லைக்கரை
ராசன் அண்ணை, வலையைத் தவிர வேற தொழிலில மாட்டுறேல்லையோ? கூடு, இறால் கூண்டு உதுகளில?

கொக்கிளாய்_ராசன்
நல்ல கேள்வி கேட்டீங்கள், இதை நான் எழுத மறந்தே போனன். சிங்க இறால் கூண்டில பெரிசு மாட்டாது, குட்டி மாட்டும். கூண்டின்ர வாய் மேல பாத்தபடி, கூடை வாய் மாதிரி உள்ளுக்குக் குறுகிப் போகும். குட்டி உள்ள இருக்கிற இறாலையோ இரையையோ கண்டு தலையை விட்டு எட்டிப் பாக்கும், தோள் இறுகிப்போடும், பின்னுக்கு எடுக்கத் தெரியாது, செத்துப்போகும்.

அதுக்கு என்ன செய்தவை தெரியுமோ, ஒரு இரும்புக் கம்பி. கூண்டின்ர அடியில நடுவில நிறுத்தி ஒட்டினது, நுனி வாய் மட்டத்துக்கு வந்து நிக்கும். சிங்க இறால் பக்கத்தால சரிஞ்சு உள்ள போகும், அதுக்கு இடம் இருக்கு. குட்டி தலையை விட்டால் கம்பி முகத்தில படும், தலையை எடுத்திடும். அவ்வளவுதான் வேலை. மேற்கு அவுஸ்திரேலியாவில 2006-ம் ஆண்டில இருந்து குட்டிகள் திரியிற இடங்களில இது கட்டாயம், இஞ்சையும் பாவிக்கினம். இறால் குறைஞ்சது எண்டு நான் கேள்விப்பட்ட ஒரு தொழிலாளியும் சொல்லேல்ல. சம்மாட்டித் தம்பிக்கு விலை கேட்டால், கம்பியின்ர விலைதான்.

சம்மாட்டி_மகன்
உது எனக்குப் பிடிச்சிருக்கு. அப்பிடியான வேலை எண்டால் நாங்களும் செய்வம், கடலை மூடு எண்டால் தான் வயிறு எரியிறது. உந்த நியூசிலாந்தில கணவாய் இழுவைக்குள்ள ஒரு கதவு வைச்சு கடற்சிங்கத்தை வெளிய விடுறவையாம் எண்டு ஒரு இடத்தில பாத்தனான், அது உண்மையோ?

நீரியல்_தங்கச்சி
உண்மை அண்ணா. ஒக்லண்ட் தீவுகளுக்குக் கிட்ட, இழுவை மடியின்ர நடுவில சரிவா ஒரு இரும்புக் கம்பிச் சட்டகம், கம்பிக்குக் கம்பி 23 சென்றிமீற்றர் மட்டில, கணவாய் இடுக்கால பின்மடிக்குப் போகும், கடற்சிங்கம் சட்டகத்தில மோதி மேல் பக்கத்து வாயால வெளிய போகும். வலைக்குள்ள செத்துக் கிடக்கிறது குறைஞ்சது. ஆனா சண்டை அதோட முடியேல்ல. வெளிய போனது உயிரோட மேல போச்சுதோ, இல்லை இரும்பில மண்டை அடிபட்டு, மூச்சுக் காணாமல் வெளிய போய்ச் செத்துதோ எண்டு கன வருசம் வாதாடினவை. வெளிய போற மிருகம் எண்ணில வராதே. ராசன் அண்ணை சொன்ன கழண்டு விழுற கதையின்ர தங்கச்சிக் கதை.

கிளிநொச்சி_மாமி
நான் எல்லாத்தையும் வாசிச்சன் பிள்ளையள். ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. கடற்பசுவும் மூச்செடுக்க மேல வாறதுதானே, அதுவும் உந்த மாதிரி நிமிசக் கணக்குத்தானோ?

நீரியல்_தங்கச்சி
ஓம் மாமி, அதுவும் நிமிசக் கணக்குத்தான், அது புல்லு மேயிற இடம் ஆழமும் இல்லை, ஒவ்வொரு சில நிமிசத்துக்கும் மேல வரவேணும். நீங்கள் முதல் சொன்னது இந்தக் கேள்விக்குப் பொருத்தமில்லாத ஒண்டு இல்லை.

முல்லைக்கரை
பெடியன் இப்ப ராசன் அண்ணையிட்ட ஒண்டு கேக்கச் சொல்லுறான்: அந்தக் கம்பி போட்ட கூண்டு ஒண்டின்ர படம், மேல இருந்து எடுத்தது ஒண்டும் பக்கத்தால ஒண்டும் கிடைக்குமோ எண்டு. நண்டுக் கூண்டில ஆமைக்குஞ்சுக்கு அப்பிடி ஒண்டு செய்து பாக்கப் போறானாம்.

கொக்கிளாய்_ராசன்
ஞாயிறு துறைக்குப் போவன், எடுத்துப் போடுறன். ஆமைக்குச் சரிவருமோ எண்டு எனக்குத் தெரியாது, ஆமை பக்கத்தாலயும் பூரும். முதல் கூண்டின்ர வாய் அகலத்தை அளந்து எழுதச் சொல்லுங்கோ.